ஒரே கேள்வி இரண்டு பக்கமும்: மொழி மாதிரிக்குத் தரவு தயாரித்தல்

ஃபைன் ட்யூனிங் என்பது, ஏற்கெனவே பெருமளவு உரையைப் படித்துப் பயிற்சி பெற்ற மொழி மாதிரி ஒன்றுக்கு, குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சில நூறு முதல் பல ஆயிரம் எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து மேற்கொண்டு பயிற்சி தருவது. ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு வர வேண்டிய விடை இருக்கும். மாதிரி அந்த விடையை ஒவ்வொரு துண்டாக ஊகிக்கிறது; ஊகம் தவறும்போதெல்லாம் அதன் உள்ளே இருக்கும் எண்கள் சிறிதளவு திருத்தப்படுகின்றன. இந்தத் திருத்தத்தைச் செய்யும் நிரல்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்துக்காட்டுகளைத் தயாரிப்பதுதான் ஆள்பலமும் பொறுமையும் கேட்கும் வேலை. அது மூன்று கட்டமாக நடக்கிறது: எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, திரும்பத் திரும்ப வருபவற்றை நீக்குவது, பயிற்சிக்கு ஒரு பகுதியையும் சோதனைக்கு ஒரு பகுதியையும் பிரித்துவைப்பது. மூன்றில் நடுவில் இருப்பது சரியாக அமையாவிட்டால் மூன்றாவதில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை.

விவசாயிகளின் ஐயங்களுக்குத் தமிழில் விடை சொல்லும் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இப்படியான தரவுக்கு இந்தியாவில் ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் வரும் அழைப்புகள் பதிவுசெய்யப்படுகின்றன. மாநிலம், மாவட்டம், பயிர், கேள்வி, விடை, தேதி எனப் பிரிக்கப்பட்ட அந்தப் பதிவுகள் data.gov.in தளத்தில் வெளியாகியிருக்கின்றன. அதே போன்ற அமைப்பில், தமிழில் எழுதப்பட்ட 12,000 வரிகள் ஒரு குழுவின் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இனி வரும் எண்ணிக்கைகள் இந்தக் கற்பனைத் தொகுப்புக்கானவை. அதில் நேரும் சிக்கல்கள் உண்மையானவை.

வடிவம்

அழைப்பைக் கேட்டுக்கொண்டே ஒருவர் தட்டச்சு செய்த பதிவு, கேள்வியாக இருப்பதில்லை, குறிப்பாக இருக்கும். "நெல் குருத்துப்பூச்சி" என்று கேள்விக் கட்டத்தில் இருக்கும், "விளக்குப்பொறி வைக்கவும்" என்று விடைக் கட்டத்தில் இருக்கும். இதை அப்படியே கொடுத்தால் மாதிரியும் மூன்று சொல்லில் விடை சொல்லப் பழகும். ஃபைன் ட்யூனிங் செய்யப்படும் மாதிரி, விடையின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் அதன் தொனியையும் நீளத்தையும் வடிவத்தையும் மிக விரைவாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே எந்த மாதிரியான விடை வர வேண்டுமோ, அந்த மாதிரியான விடைதான் தொகுப்பில் இருக்க வேண்டும். குறிப்பை முழு வாக்கியமாக்க வேண்டும். பயிரின் வயது, மாவட்டம், பருவம் ஆகியவை வேறு கட்டங்களில் கிடந்தால் அவற்றைக் கேள்வியின் உள்ளேயே கொண்டுவர வேண்டும். அழைத்தவரின் பெயரோ கைபேசி எண்ணோ எங்காவது தட்டச்சாகியிருந்தால் அதை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். பயிற்சிக்குள் போன எண், பிறகு வேறொருவருக்கான விடையில் வந்து நிற்கக்கூடும்.

இப்படித் திருத்திய பிறகு ஒவ்வோர் எடுத்துக்காட்டும் ஒரு வரியாக, ஜேசன் லைன்ஸ் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. வரிக்கு ஓர் உரையாடல். அதில் யார் பேசுகிறார் என்பதும் என்ன பேசுகிறார் என்பதும் தனித்தனியாக இருக்கும்.

```
{"messages": [{"role": "user", "content": "நெற்பயிரில் குருத்துப்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது?"}, {"role": "assistant", "content": "நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் முட்டைக் குவியல்கள் குறையும். இரவில் விளக்குப்பொறி வைத்துத் தாய்ப்பூச்சிகளைப் பிடிக்கலாம்."}]}
```

மாதிரி இந்த வரியை இதே தோற்றத்தில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மாதிரிக் குடும்பத்துக்கும் உரையாடல் வார்ப்பு என ஒன்று உண்டு. கேள்வி எங்கே தொடங்குகிறது, விடை எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும் தனிக் குறிகளை அந்த வார்ப்பு இடையிடையே சேர்க்கும். சாட்எம்எல் என்ற பரவலான வார்ப்பில் மேற்கண்ட வரி இப்படி ஆகும்:

```
<|im_start|>user
நெற்பயிரில் குருத்துப்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது?<|im_end|>
<|im_start|>assistant
நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் ...<|im_end|>
```

பயிற்சியில் எந்த வார்ப்போ, பின்னர் பயன்பாட்டிலும் அதே வார்ப்பு இருக்க வேண்டும். ஒரு புதுவரிக் குறி கூடினாலும் குறைந்தாலும் விடையின் தரம் காரணம் தெரியாமல் இறங்கும். இந்தக் குறிகளைக் கையால் எழுதிச் சேர்ப்பதைத் தவிர்த்து, மாதிரியோடு வரும் வார்ப்பையே பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு.

கடைசியில் நிற்கும் முடிவுக்குறிக்குத் தனிக் கவனம் தேவை. விடை இங்கே முடிகிறது என்பதை மாதிரி அந்த ஒரு குறியிலிருந்துதான் கற்கிறது. பயிற்சிக்கு வரிகளை ஒரே நீளமாக்க, குறுகிய வரிகளின் முடிவில் நிரப்புக்குறிகள் சேர்க்கப்படும்; அந்த நிரப்புக்குறிகள் மதிப்பிடப்படாமல் விலக்கப்படும். தனி நிரப்புக்குறி இல்லாத மாதிரிகளில் பலர் முடிவுக்குறியையே நிரப்பாகவும் அமைத்துவிடுகிறார்கள். அப்போது நிரப்பை விலக்கும் நிரல், உண்மையான முடிவுக்குறியையும் சேர்த்து விலக்கிவிடலாம். இந்தப் பிழைக்கான அறிகுறி ஒன்றே: பயிற்சி முடிந்த மாதிரி சரியான விடையைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அடுத்த கேள்வியைத் தானே எழுதி, அதற்கும் விடை எழுதிக்கொண்டே போகும்.

அதேபோல, கேள்விப் பகுதியை ஊகிக்க மாதிரியைப் பழக்குவதில் பெரும்பாலும் பயனில்லை. விடையை மட்டும் மதிப்பிட, கேள்வியின் டோக்கன்களுக்கு -100 என்ற அடையாளம் இடுவது பைடார்ச் வழியில் பழகிப்போன ஏற்பாடு. நிரல் இதைச் சரியாகச் செய்கிறதா என்று அறிய, பயிற்சிக்குப் போகும் பத்து வரிகளை மீண்டும் எழுத்தாக மாற்றி, எந்தப் பகுதி மதிப்பிடப்படுகிறது, எது விலக்கப்படுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. பல நாள் பயிற்சி வீணாகாமல் காப்பது இதுதான்.

தமிழுக்கு நீளம் ஒரு தனிப் பிரச்சினை. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். "கூ" என்ற ஓர் எழுத்துக்குள் "க" என்ற குறியும் ஊகாரக் குறியும் இருப்பதால் 6 பைட். தமிழ் அதிகம் படிக்காத மாதிரியின் சொற்பிரிப்பான் அதை ஆறு டோக்கனாகவே நொறுக்கிவிடலாம். ஆங்கிலத்துக்குத் தாராளமாக இருக்கும் நீள வரம்பு தமிழ் விடையை நடுவாக்கியத்தில் வெட்டிவிடும். வெட்டப்பட்ட விடைக்கு முடிவுக்குறியும் இருக்காது. பயிற்சிக்கு முன்பே அந்த மாதிரியின் சொற்பிரிப்பானைக் கொண்டு எல்லா வரிகளின் நீளத்தையும் எண்ணி, வரம்பைத் தாண்டுபவை எத்தனை என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரே தோற்றம், வெவ்வேறு எழுத்து

நகல்களைத் தேடும் முன் எழுத்துகளை ஒரே நெறிக்குக் கொண்டுவர வேண்டும். "பூச்சிக்கொல்லி" என்ற சொல்லில் உள்ள "கொ", கணினியில் இரண்டு விதமாக இருக்கலாம். ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக, U+0BCA என இருக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு U+0BC6, கால் U+0BBE என இரண்டு குறியீடாகப் பிரிந்திருக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். இதைச் சரிசெய்ய யூனிகோட் நெறிப்படுத்தல் போதும்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

இந்த ஒரு வரி தீர்க்காத பிழைகளும் உண்டு. தமிழ் எண் ஏழின் வடிவமான ௭, "எ" என்ற உயிரெழுத்துக்குப் பதிலாகத் தட்டச்சாகியிருக்கும். "௭ப்படி" என்று இருப்பது கண்ணுக்கு "எப்படி" போலவே தெரியும். கால் குறிக்குப் பதில் ரகரம் விழுந்து, "காலம்" என்பது "கரலம்" ஆகியிருக்கும். ஔகாரத்துக்குப் பதில் "ஒ"வும் "ள"வும் நிற்கும். சொற்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள் ஒளிந்திருக்கும். பழைய கோப்புகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பகுதிகள் "mk;kh" என்று ரோமன் எழுத்துகளாக வந்து நிற்கும்; அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டால் மாதிரிக்கு அவை வெறும் குப்பை. இவை ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுத வேண்டும். தொகுப்பில் வரும் எல்லாக் குறியீடுகளையும் எண்ணி, எத்தனை முறை வருகின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தால், அரிதாக வருபவற்றின் இடையில் இந்தப் பிழைகள் தாமாகவே தலைகாட்டும்.

நகல்கள்

ஒரே எடுத்துக்காட்டு பலமுறை இருப்பதால் என்ன கேடு? 50 நகல்கள் உள்ள ஒரு விடையை, மூன்று சுற்றுப் பயிற்சியில் மாதிரி 150 முறை பார்க்கிறது. ஒரே முறை வரும் விடையை 3 முறை பார்க்கிறது. விளைவாக அந்த ஒரு விடையை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு, சம்பந்தமில்லாத கேள்விக்கும் அதையே சொல்லத் தொடங்கும். கேத்தரின் லீ, டாஃப்னி இப்போலிட்டோ முதலிய கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. சி4 என்ற பெரிய ஆங்கிலத் தொகுப்பில் 61 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம் 60,000 முறைக்கு மேல் இருந்ததை அவர்கள் கண்டார்கள். நகல் நீக்கிய தொகுப்பில் பயிற்சி பெற்ற மாதிரிகள், மனப்பாடம் செய்த உரையை அப்படியே ஒப்பிப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அது தொடக்கப் பயிற்சி பற்றிய ஆய்வு. தொகுப்பு சிறிதாக இருக்கும் ஃபைன் ட்யூனிங்கில் சில நகல்களே தொகுப்பின் சமநிலையைக் குலைத்துவிடும்.

அச்சு நகல்களை நீக்குவது எளிது. நெறிப்படுத்திய உரையில் இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் எடுத்துவிட்டு, எஞ்சியதற்கு ஒரு ஹாஷ் எண் கணித்து, ஒரே எண் வருபவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 12,000 வரிகளில் வெற்று வரிகளும் குப்பையும் போய் 11,100 எஞ்சின. அச்சு நகல்கள் போய் 7,800 ஆயின எனக் கொள்ளலாம். அழைப்புப் பதிவுகளில் "இன்று மழை வருமா" போன்ற கேள்விகள் மலிந்திருப்பதால் இது வியப்பில்லை.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை வேண்டும். கேள்வி ஒன்றாக இருந்து விடைகள் வேறாக இருக்கும் வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது. ஒன்றில் அளவு ஏக்கருக்கும் மற்றொன்றில் எக்டருக்கும் சொல்லப்பட்டிருக்கலாம். ஓர் எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பதால் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்று நாற்றங்காலுக்கும் மற்றொன்று நடவு வயலுக்கும் உரிய விடையாக இருக்கலாம். ஒன்று வெறும் தவறாகவும் இருக்கலாம். இவற்றைத் தனியே எடுத்து, வேளாண்மை தெரிந்தவர் ஒருவர் படித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கடினமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. சொல் மாறிய நகல்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பரவலான வழி, இரண்டு உரைகளையும் சிறு துண்டுகளாக்கி, இரண்டுக்கும் பொதுவான துண்டுகளை மொத்தத் துண்டுகளால் வகுப்பது. இதற்கு ஜக்கார்டு அளவு என்று பெயர். 0 என்றால் ஒற்றுமையே இல்லை. 1 என்றால் துண்டுகள் எல்லாம் ஒன்று.

ஆங்கிலத்துக்குச் சொற்களையே துண்டுகளாகக் கொள்வது வழக்கம். தமிழுக்கு அது உதவாது. "நெற்பயிரில் குருத்துப்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது" என்பது ஒரு வரி. "நெல் பயிரில் குருத்துப் பூச்சியைக் கட்டுப்படுத்துவது எப்படி" என்பது இன்னொரு வரி. இரண்டும் ஒரே கேள்வி. சொற்களாகப் பிரித்தால் முதல் வரியில் 4, இரண்டாவதில் 6. பொதுவானது "கட்டுப்படுத்துவது" ஒன்று மட்டுமே. அளவு 9இல் 1, அதாவது 0.11. சந்தியும் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் பழக்கமும் சேர்ந்து, ஒரே கேள்வியை முற்றிலும் வேறாகக் காட்டிவிடுகின்றன.

இடைவெளிகளை நீக்கிவிட்டு மூன்று மூன்று எழுத்துகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டினால் நிலைமை மாறுகிறது. மெய்யும் உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து என்று எண்ணினால் இரண்டு வரிகளிலும் 30 எழுத்துகள், 28 துண்டுகள். பொதுவானவை 22. மொத்தம் 34. அளவு 0.65. தமிழ்த் தொகுப்புகளுக்கு எழுத்துத் துண்டுகளே ஏற்றவை என்பதற்கு இந்த ஓர் இணையே போதும்.

வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லா இணைகளையும் ஒப்பிடலாம். 7,800 வரிகளுக்கு ஏறத்தாழ 3 கோடி இணைகள், சாதாரணக் கணினிக்கும் முடியும். பத்து லட்சம் வரிகள் என்றால் இணைகள் 50,000 கோடி. அங்கே மின்ஹாஷ் என்ற உத்தி கைகொடுக்கிறது. ஆண்ட்ரே பிராடர் 1997இல், அல்டாவிஸ்டா தேடுபொறிக் காலத்தில், வலைப்பக்க நகல்களைக் கண்டுபிடிக்க உருவாக்கியது அது. எல்லாத் துண்டுகளுக்கும் ஒரு ஹாஷ் எண் கணித்து, அவற்றில் மிகச் சிறியதை மட்டும் எடுத்துவைப்பது அதன் அடிப்படை. இரண்டு உரைகளின் மிகச் சிறிய எண் ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு, அவற்றின் ஜக்கார்டு அளவுக்குச் சரியாகச் சமம். வெவ்வேறு ஹாஷ் முறைகளில் இதை நூறு தடவைக்கு மேல் செய்தால், முழு உரையைத் தொடாமலே ஒற்றுமையை மதிப்பிட்டுவிடலாம்.

எந்த அளவுக்கு மேல் இருந்தால் நகல் என்று கொள்வது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "கரும்பில் குருத்துப்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது" என்ற மூன்றாவது வரியை முதல் வரியோடு ஒப்பிட்டால், பொதுவான துண்டுகள் 23, மொத்தம் 32, அளவு 0.72. நெல்லைத் தாக்கும் பூச்சி வேறு, கரும்பைத் தாக்கும் பூச்சி வேறு, விடையும் வேறு. ஆனால் இந்த வேறு கேள்வி, மேலே கண்ட ஒரே கேள்வியின் 0.65ஐ விட அதிக ஒற்றுமை காட்டுகிறது. எல்லையை 0.6இல் வைத்தால் கரும்புக் கேள்வி தொகுப்பிலிருந்து அழிந்துபோகும். 0.7இல் வைத்தால் கரும்பு அழியும், உண்மையான நகல் தங்கிவிடும். 0.8இல் வைத்தால் இரண்டுமே தங்கும். எந்த ஓர் எல்லையும் இந்த மூன்று வரிகளைச் சரியாகப் பிரிக்காது.

பொருளை எண்களாக்கிக் காட்டும் எம்பெடிங் முறையில் ஒப்பிட்டாலும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. பயிர்ப் பெயரோ அளவோ மட்டும் மாறும் வாக்கியங்களை அதுவும் நெருக்கமாகவே வைக்கும். தீர்வு, நகலை இரண்டு வேறு நோக்கங்களுக்காக இரண்டு வேறு விதமாகப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு வரியை அழிப்பதற்குக் கடுமையான நிபந்தனை வேண்டும்: ஒற்றுமை 0.85க்கு மேல் இருக்க வேண்டும், பயிர் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டிலும் உள்ள எண்களும் அலகுகளும் ஒத்திருக்க வேண்டும். தவறாக அழித்த வரி திரும்ப வராது. ஒரே கொத்தில் சேர்ப்பதற்கோ தளர்வான நிபந்தனை போதும்: ஒற்றுமை 0.6க்கு மேல் இருந்தால் இரண்டு வரிகளும் தொகுப்பில் இருக்கட்டும், ஆனால் ஒரே கொத்து எண்ணைப் பெறட்டும். கொத்து எதற்கு என்பது அடுத்த கட்டத்தில் தெரியும்.

தளர்வான எல்லைக்கும் ஓர் ஆபத்து உண்டு. முதல் வரி இரண்டாவதை ஒத்திருக்கும், இரண்டாவது மூன்றாவதை ஒத்திருக்கும் என்று சங்கிலியாக நீண்டு, "எப்படிக் கட்டுப்படுத்துவது" என்று முடியும் எல்லாக் கேள்விகளும் ஒரே பெருங்கொத்தாகிவிடலாம். மிகப் பெரிய ஐந்து கொத்துகளைத் திறந்து படித்தால் இது உடனே தெரியும். அப்போது எல்லையைச் சற்று உயர்த்தலாம். அல்லது எல்லாக் கேள்விகளிலும் வரும் பொதுச் சொற்களை ஒப்பிடும் முன் நீக்கிவிடலாம்.

கடுமையான நிபந்தனையில் அழித்தபின் 7,800 வரிகள் 6,200 ஆயின, அவை 4,100 கொத்துகளில் அடங்கின எனக் கொள்ளலாம். பாதி போய்விட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. மெட்டா நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் லிமா என்ற மாதிரியை, கவனமாகத் தேர்ந்த 1,000 எடுத்துக்காட்டுகளை மட்டும் கொண்டு ஃபைன் ட்யூன் செய்து நல்ல விடைகள் சொல்ல வைத்தார்கள்.

பயிற்சிக்கும் சோதனைக்கும்

தொகுப்பை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பெரும்பகுதி பயிற்சிக்கு. சிறு பகுதி சரிபார்ப்புக்கு. எத்தனை சுற்றுப் பயிற்சி போதும், எந்த அமைப்பு நல்லது என்பன இதைப் பார்த்து முடிவாகும். இன்னொரு சிறு பகுதி சோதனைக்கு. எல்லா முடிவுகளும் எடுத்தபின் கடைசியாக மட்டும் தொட வேண்டியது. தேர்வுக்கு முன் மாணவர் கையில் வினாத்தாள் கிடைத்துவிட்டால் மதிப்பெண் எதையும் காட்டாது. சோதனைப் பகுதியின் கேள்வி பயிற்சியிலும் இருந்தால் அதுவேதான் நடக்கிறது.

கொத்து பார்க்காமல் வரிகளைக் குலுக்கிப் பிரித்தால் எவ்வளவு கசியும் என்று கணக்கிடலாம். பத்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு எடுப்பதாக வைத்தால், ஒரே கேள்வியின் இரண்டு வடிவங்கள் ஆளுக்கொரு பக்கம் போக 18% வாய்ப்பு உண்டு. பத்து வடிவங்கள் இருந்தால், அவற்றில் ஒன்றாவது சோதனைக்கும் மற்றவை பயிற்சிக்கும் போக ஏறத்தாழ 65% வாய்ப்பு. அதிகம் கேட்கப்படும் கேள்விகளே அதிகம் கசியும். மாதிரி அவற்றை மனப்பாடத்திலிருந்து சொல்லி முழு மதிப்பெண் வாங்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. நீண்ட விடை தேவைப்படும் கேள்விகளைக் கொண்ட இஎல்ஐ5 என்ற புகழ்பெற்ற ஆங்கிலத் தொகுப்பை கல்பேஷ் கிருஷ்ணா, ஆர்கோ ராய், மோஹித் ஐயர் ஆகியோர் 2021இல் ஆராய்ந்தார்கள். சரிபார்ப்புப் பகுதியில் இருந்த கேள்விகளில் குறைந்தது 81% சொல் மாறிய வடிவில் பயிற்சிப் பகுதியிலும் இருந்தன. அந்தத் தொகுப்பை உருவாக்கியவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் அல்லர். ஒற்றுமையுள்ள கேள்விகளை விலக்க அவர்களும் முயன்றிருந்தார்கள். சொல் மாறிய நகல் அவ்வளவு எளிதில் பிடிபடாது.

ஆகவே குலுக்க வேண்டியது வரிகளை இல்லை, கொத்துகளை. ஒரு கொத்து முழுவதும் ஒரே பக்கம் போக வேண்டும். நெல் குருத்துப்பூச்சியும் கரும்புக் குருத்துப்பூச்சியும் தவறுதலாக ஒரே கொத்தில் சேர்ந்திருந்தாலும் பெரிய இழப்பில்லை. இரண்டும் சேர்ந்து பயிற்சிக்கோ சோதனைக்கோ போகும், அவ்வளவுதான். அதனால்தான் கொத்தாக்கும் எல்லை தளர்வாக இருக்கலாம். பைத்தானின் சைகிட்-லேர்ன் நூலகத்தில் இதற்கு ஆயத்தக் கருவி உண்டு:

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit
gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.1, random_state=7)
train, test = next(gss.split(rows, groups=cluster_id))
```

பிரித்து முடித்தபின் ஒரு கடைசிச் சரிபார்ப்பு வேண்டும். சோதனையில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பயிற்சியில் மிக நெருக்கமான கேள்வியைத் தேடி, ஒற்றுமை அதிகமுள்ள 50 இணைகளை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எம்பெடிங் ஒப்பீடு இங்கே நன்றாக உதவும். "குருத்து காய்ந்துபோகிறது, என்ன செய்யலாம்" என்பதும் குருத்துப்பூச்சிக் கேள்வியும் எழுத்தில் ஒத்துப்போகாமல் பொருளில் ஒன்றாக இருப்பதை அதனால் காட்ட முடியும். கசிவு தப்பியிருந்தால் மதிப்பெண்ணிலும் அது தெரியும்: சோதனைக் கேள்விகளைப் பயிற்சிக்கு நெருக்கமானவை, தொலைவானவை என இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே மதிப்பிட்டால், முதல் பாதியில் 95%உம் இரண்டாவதில் 60%உம் வரும். அங்கே உண்மைத் திறனுக்கு அருகில் இருப்பது 60தான்.

கொத்துப் பிரிவு போதாத இடமும் உண்டு. மக்காச்சோளத்தைத் தாக்கும் அமெரிக்கப் படைப்புழு 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழகம் உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதற்கு முந்தைய பதிவுகளை மட்டும் கொண்டு பயிற்சி பெற்ற மாதிரிக்கு அந்தப் புழு பற்றிய எந்த எடுத்துக்காட்டும் கிடைத்திருக்காது. எல்லா ஆண்டுகளையும் கலந்து குலுக்கினால் சோதனை இந்தப் பலவீனத்தைக் காட்டாது. ஒரு தேதிக்கு முந்தையவை பயிற்சிக்கு, பிந்தையவை சோதனைக்கு என்று பிரித்தால் காட்டும். விவசாயிகள் அடுத்த பருவத்தில் கேட்கப்போகும் கேள்விகளுக்காகத்தான் மாதிரி உருவாகிறது என்பதால், தேதி இருக்கும் தொகுப்புகளில் காலப் பிரிவையும் ஒரு சோதனையாக வைத்துக்கொள்வது அவசியம்.

சோதனைப் பகுதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 100 கேள்விகளில் 80க்குச் சரியான விடை வந்தால், உண்மைத் திறன் 72%இலிருந்து 88% வரை எங்கும் இருக்கலாம். 400 கேள்விகள் என்றால் இருபுறமும் 4 புள்ளிகளுக்குள் அடங்கும். இரண்டு மாதிரிகளுக்கு இடையே 3 புள்ளி வேறுபாட்டை 100 கேள்விகளைக் கொண்டு முடிவு செய்பவர்கள் தற்செயலைத்தான் அளக்கிறார்கள். 400 கேள்விகளின் விடைகளையும் துறை அறிந்தவர் ஒருமுறை படித்துத் திருத்தியிருக்க வேண்டும். பயிற்சியில் சில தவறான விடைகள் இருந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், சோதனையில் இருந்தால் அளவுகோலே கோணலாகிவிடும்.

பிரிவு முடிவானதும் சோதனைக் கோப்பைத் தனியே வைத்து, அதன் ஹாஷ் எண்ணைக் குறித்துவைப்பது வழக்கம். அதன் பிறகு பயிற்சித் தொகுப்பில் புதிய வரிகள் சேரும்போதெல்லாம், அவை சோதனைக் கேள்விகளை ஒத்திருக்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். முதல் நாள் செய்த பிரிவு ஆறு மாதம் கழித்துச் சேர்ந்த தரவால் கசிந்துபோவது அடிக்கடி நடக்கிறது. சோதனை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் அமைப்பை மாற்றினால், அந்தச் சோதனைப் பகுதி அன்றிலிருந்து சரிபார்ப்புப் பகுதியாகிவிடுகிறது. புதிய கேள்விகள் எழுத வேண்டியதுதான்.

தமிழில் இப்போது பலரும் இத்தகைய தொகுப்புகளைத் தயாரித்துப் பொதுவில் வைக்கிறார்கள். அவர்கள் பயிற்சி, சோதனை என்ற இரண்டு கோப்புகளோடு, ஒவ்வொரு வரிக்கும் உரிய கொத்து எண்ணையும் தேதியையும் சேர்த்து வெளியிட வேண்டும். அவை இரண்டும் இருந்தால் வேறு எவரும் அந்தப் பிரிவைச் சரிபார்க்க முடியும், தேவைப்பட்டால் வேறு விதமாகப் பிரித்து மீண்டும் சோதிக்கவும் முடியும்.